தொகுமுறை வகுத்தலில் அந்த 4 எந்த நிரலில் விழ வேண்டும்?

கேள்வி: “x³ + 3x² − x − 2 ஐ x² − 4 ஆல் வகுக்கச் சொன்னார்கள். தொகுமுறை வகுத்தலில் இடது பக்கம் 4 போட்டுச் செய்தேன், விடை தப்பு. வகுத்தி x − a மாதிரி இருந்தால் மட்டும்தான் இந்த முறை வரும் என்கிறார் சார். ஏன் என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்கிறார். அப்படியானால் 2x − 3 க்கும் வராதா?”

உங்கள் ஆசிரியர் சொன்ன விதி சரியானதே. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது; அந்தக் காரணம் தெரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட 4 என்ற எண்ணில் பிழையில்லை. அந்த 4 ஆல் பெருக்கி வந்த எண்களைக் கொண்டுபோய் வைத்த நிரலில்தான் பிழை. 2x − 3 க்கு இந்த முறை வரும், கடைசியில் ஒரு சிறு வேலை மட்டும் கூடுதலாக உண்டு. மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் கணிதம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பாடத்தில் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கூட்டல் கழித்தல் தவறுகள் அல்ல. எந்த எண் எந்த நிரலுக்கு உரியது என்பதை மறந்துவிடுவதால் வருபவை.

உங்கள் கணக்குக்குப் போகும் முன், இந்த முறை ஒழுங்காக நடக்கும் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். 2x⁴ − 7x³ + 4x − 9 என்ற கோவையை x − 3 ஆல் வகுக்க வேண்டும். கோவையில் x² உறுப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். அதன் இடத்தில் 0 எழுத வேண்டும்.

```
3 |  2   -7    0    4    -9
  |       6   -3   -9   -15
  ---------------------------
     2   -1   -3   -5   -24
```

முதல் கெழுவான 2 அப்படியே கீழே இறங்குகிறது. அதை 3 ஆல் பெருக்கி வந்த 6 ஐ அடுத்த நிரலில் எழுதிக் கூட்டினால் −1. அதை 3 ஆல் பெருக்கி வந்த −3 ஐ அதற்கடுத்த நிரலில் எழுதிக் கூட்டினால் −3. இப்படியே போனால் கடைசி நிரையில் 2, −1, −3, −5 என்ற நான்கும் ஈவின் கெழுக்களாகவும், கடைசியில் நிற்கும் −24 மீதியாகவும் அமைகின்றன. ஈவு 2x³ − x² − 3x − 5, மீதி −24. இதில் 0 எழுத மறந்தவர் 2, −7, 4, −9 என்ற நான்கு எண்களை வைத்து 2, −1, 1, −6 என்று ஒரு விடை பெறுவார். பார்வைக்கு அதில் குறை எதுவும் தெரியாது. நாலாம் படிக் கோவைக்கு ஐந்து கெழுக்கள் வேண்டும், இங்கே நான்குதான் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் மட்டுமே பிடிபடும். அவர் வகுத்தது 2x³ − 7x² + 4x − 9 என்ற வேறொரு கோவையை.

இனி, இதே கணக்கை நீள் வகுத்தலில் செய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் 2x⁴ ஐ x ஆல் வகுத்து 2x³ என்று ஈவில் எழுதுவோம். பிறகு 2x³ ஐ x − 3 ஆல் பெருக்கி, 2x⁴ − 6x³ என்று கோவையின் கீழே எழுதிக் கழிப்போம். 2x⁴ உம் 2x⁴ உம் அடித்துப் போகும்; −7x³ இலிருந்து −6x³ ஐக் கழித்தால் −x³ மிஞ்சும். அடுத்த உறுப்பை இறக்கிக்கொண்டு, −x³ ஐ x ஆல் வகுத்து −x² என்று ஈவில் எழுதி, மீண்டும் பெருக்கி, மீண்டும் கழிப்போம். இந்த வேலையில் எவ்வளவு எழுத்து வீண் என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் உறுப்பை எழுதுவது அடித்துவிடுவதற்காகவே. x இன் அடுக்குகளை ஒவ்வொரு வரியிலும் திரும்ப எழுதுகிறோம், ஆனால் எந்த நிரலில் நிற்கிறது என்பதே அடுக்கைச் சொல்லிவிடுகிறது. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, உண்மையில் கணக்கிடப்பட்ட எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுவது மேலே உள்ள மூன்று வரி அட்டவணைதான். ஆகவே தொகுமுறை வகுத்தல் என்பது தனியான ஒரு வகுத்தல் முறை அல்ல. நீள் வகுத்தலையே எழுத்தைக் குறைத்து எழுதியது. ஒன்றைச் சுருக்கி எழுதும்போது சில விஷயங்களை ‘இது எப்போதும் இப்படித்தான் இருக்கும்’ என்று நம்பி விட்டுவிடுகிறோம் அல்லவா? அந்த நம்பிக்கை எங்கே உண்மையாகிறதோ அங்கேதான் சுருக்கமும் செல்லும்.

இங்கே நம்பி விட்டுவிட்டவை மூன்று. முதலாவது, வகுத்தியின் முதல் கெழு 1. அதனால்தான் கடைசி நிரையில் கூட்டி வந்த எண்ணையே அடுத்த ஈவுக் கெழுவாக எடுத்துக்கொள்கிறோம். வேறொரு கெழு இருந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதனால் வகுத்த பிறகுதான் ஈவுக் கெழு கிடைத்திருக்கும். இரண்டாவது, முதல் உறுப்பைத் தவிர வகுத்தியில் இன்னும் ஒரே ஒரு உறுப்புதான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஈவுக் கெழுவும் ஒரே ஒரு பெருக்கற்பலனைத்தான் உண்டாக்குகிறது. இரண்டாவது வரியில் ஒரு நிரலுக்கு ஓர் எண் போதும். மூன்றாவதுதான் உங்களைத் தடுக்கிவிட்டது: அந்த ஒரே உறுப்பின் படி, முதல் உறுப்பின் படியைவிடச் சரியாக ஒன்று குறைவு. x க்கு அடுத்தது மாறிலி. அதனால் பெருக்கற்பலன் எப்போதும் மிக அருகிலுள்ள அடுத்த நிரலிலேயே விழுகிறது. மூன்றும் சேர்ந்து அமைவது x − a என்ற வடிவத்தில்தான் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். x³ − 5x² போன்ற வகுத்தியிலும் இவை பொருந்துகின்றனவே என்று யாராவது வாதிடலாம். அது x² பெருக்கல் x − 5 என்பதால், ஈவு வரைக்கும் அட்டவணை அப்படியே செல்லும், மீதியின் பகுதியில் எங்கே நிறுத்துவது என்பது மட்டும் மாறும். பள்ளிக் கணக்குகளில் அது வருவதில்லை.

இதை இயற்கணிதமாக எழுதிப் பார்த்தால் ஐயத்துக்கே இடமிருக்காது. ஈவை b₃x³ + b₂x² + b₁x + b₀ என்று வைத்து, x − a ஆல் பெருக்குங்கள். x⁴ இன் கெழு b₃. x³ இன் கெழு b₂ − a·b₃. x² இன் கெழு b₁ − a·b₂. வகுபடும் கோவையில் x³ இன் கெழு p₃ என்றால் p₃ = b₂ − a·b₃ ஆக வேண்டும்; இடம் மாற்றினால் b₂ = p₃ + a·b₃. அட்டவணையில் நாம் செய்யும் ‘பெருக்கு, அடுத்த நிரலில் எழுது, கூட்டு’ என்பதன் முழுப் பொருளும் இந்த ஒரு வரிதான். வகுத்தியில் −3 இருக்க, இடது பக்கம் ஏன் +3 எழுதுகிறோம் என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. நீள் வகுத்தலில் ஒவ்வொரு முறையும் கழிக்கிறோம். கழித்தலைக் கூட்டலாக்கும் பொருட்டு எண்ணின் குறியை முதலிலேயே ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டால் கடைசி வரை கூட்டிக்கொண்டே போகலாம். x + 3 ஆல் வகுக்கும்போது இடது பக்கம் −3 வருவதும் இதனால்தான்.

இப்போது உங்கள் கணக்கு. நீங்கள் செய்தது இப்படி இருந்திருக்கும்:

```
4 |  1   3   -1    -2
  |      4   28   108
  --------------------
     1   7   27   106
```

இந்த அட்டவணையில் ஒரு கூட்டலோ பெருக்கலோ தவறில்லை. இதைப் பிழையான அட்டவணை என்று கூடச் சொல்ல மாட்டேன். இது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. x − 4 ஆல் வகுத்தால் ஈவு x² + 7x + 27, மீதி 106 என்று இது சொல்கிறது. அது முற்றிலும் உண்மை. இடது பக்கம் ஓர் எண்ணை எழுதிய உடனே, அந்த அட்டவணைக்கு வகுத்தி x − 4 என்றுதான் பொருள். நீங்கள் மனத்தில் x² − 4 ஐ வைத்திருந்தது அதற்குத் தெரியாது.

x² − 4 இல் நீள் வகுத்தல் எப்படி நடக்கிறது? x³ ஐ x² ஆல் வகுத்தால் x. அந்த x ஐ x² − 4 ஆல் பெருக்கினால் x³ − 4x. இதைக் கோவையின் கீழே எழுதும்போது x³ இன் கீழ் x³ வரும். −4x எங்கே வரும்? −x இன் கீழே. நடுவில் இருக்கும் 3x² இன் கீழ் எதுவும் வராது, ஏனென்றால் வகுத்தியில் x உறுப்பு இல்லை. அதாவது 4 ஆல் பெருக்கி வந்த எண் அடுத்த நிரலைத் தாண்டி, அதற்கும் அடுத்த நிரலில் விழ வேண்டும். நீங்கள் முதல் 1 ஐ 4 ஆல் பெருக்கி, வந்ததை 3 இன் கீழே எழுதினீர்கள். அது −1 இன் கீழே போயிருக்க வேண்டும். அப்படி எழுதிப் பாருங்கள்:

```
4 |  1   3   -1    -2
  |           4    12
  --------------------
     1   3    3    10
```

1 கீழே இறங்குகிறது. 3 இன் கீழ் எதுவும் இல்லாததால் அதுவும் அப்படியே இறங்குகிறது. 1 ஐ 4 ஆல் பெருக்கிய 4, −1 இன் கீழே விழுந்து 3 ஆகிறது. 3 ஐ 4 ஆல் பெருக்கிய 12, −2 இன் கீழே விழுந்து 10 ஆகிறது. பெருக்கலை இத்துடன் நிறுத்திவிட வேண்டும். வகுத்தி இரண்டாம் படி என்பதால் கடைசி இரண்டு நிரல்கள் மீதிக்கு உரியவை. ஈவு x + 3, மீதி 3x + 10. பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: (x² − 4)(x + 3) என்பது x³ + 3x² − 4x − 12, அதனுடன் 3x + 10 ஐக் கூட்டினால் உங்கள் கோவை திரும்பக் கிடைக்கிறது.

விடை தவறு என்பதை ஆசிரியர் சொல்லாமலே நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம். ஈவு x² + 7x + 27 என்று எழுதியிருந்தால், அதை x² − 4 ஆல் பெருக்கினால் நாலாம் படி வரும். வகுபடும் கோவையோ மூன்றாம் படி. அங்கேயே நின்றுவிடுகிறது. கடைசி நிரையை வேறு மாதிரி பிரித்து, ஈவு x + 7, மீதி 27x + 106 என்று எழுதியிருந்தால் படிகள் பொருந்திவிடும், ஆகவே படியை வைத்துப் பிடிக்க முடியாது. அதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வழி, x க்கு 1 ஐப் பிரதியிடுவது. 1 ஐப் பிரதியிட்டால் கெழுக்களைக் கூட்டினாலே போதும் என்பதால் மனக்கணக்காகவே முடியும். உங்கள் கோவை 1 + 3 − 1 − 2, அதாவது 1. வகுத்தி −3. தவறான விடையில் −3 பெருக்கல் 8, கூட்டல் 133, ஆக 109. சரியான விடையில் −3 பெருக்கல் 4, கூட்டல் 13, ஆக 1. இந்தச் சோதனையில் தேறாத விடை நிச்சயமாகத் தவறு. தேறிய விடை சரியாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே கொள்ள வேண்டும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டால் இது காட்டிக்கொடுக்காது.

x² − 4 ஐ (x − 2)(x + 2) என்று காரணிப்படுத்தி, இரண்டு தடவை வழக்கமான அட்டவணை போட்டாலும் கணக்கு முடியும். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் 2 ஆல் செய்தால் 1, 5, 9 என்று ஈவும் 16 என்று மீதியும் வருகின்றன. அந்த 1, 5, 9 ஐ −2 ஆல் செய்தால் 1, 3 என்று ஈவும் 3 என்று மீதியும் வருகின்றன. ஈவு x + 3, இது சரிதான். மீதி என்ன? கையில் 3 உம் 16 உம் இருக்கின்றன. பலர் இங்கே 3x + 16 என்று எழுதிவிடுகிறார்கள், சிலர் இரண்டையும் கூட்டி 19 என்கிறார்கள். நடந்ததை ஒரே வரியில் எழுதினால் தெளியும்: கோவை = (x − 2)·[(x + 2)(x + 3) + 3] + 16. அடைப்பை விரித்தால் அந்த 3 உடன் x − 2 உம் பெருக்கிக்கொண்டு வருகிறது. மீதி 3(x − 2) + 16, அதாவது 3x + 10. இரண்டாவது மீதி தனியாக நிற்பதில்லை, முதல் வகுத்தியைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

2x − 3 பற்றிக் கேட்டீர்கள். மூன்று நம்பிக்கைகளில் இங்கே முறிவது முதலாவது மட்டுமே. முதல் கெழு 1 அல்ல, 2. அதைச் சரிசெய்வது எளிது, ஏனென்றால் 2x − 3 என்பது 2 பெருக்கல் x − 3/2. ஆகவே x − 3/2 ஆல் வகுத்துவிட்டுப் பிறகு அந்த 2 ஐக் கவனித்துக்கொள்ளலாம். 4x³ − 8x² + 5x + 1 ஐ எடுத்துக்கொள்வோம்.

```
3/2 |  4   -8    5    1
    |       6   -3    3
    --------------------
       4   -2    2    4
```

இதன் பொருள்: கோவை = (x − 3/2)(4x² − 2x + 2) + 4. இப்போது இரண்டாவது அடைப்பிலிருந்து 2 ஐ வெளியே எடுத்து முதல் அடைப்புக்குக் கொடுங்கள். (2x − 3)(2x² − x + 1) + 4 ஆகிறது. ஈவு 2x² − x + 1. மீதி 4 தான், மாறவில்லை. விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்த்த தவறு இங்கேதான். ஈவைப் பாதியாக்கிய கையோடு மீதியையும் பாதியாக்கி 2 என்று எழுதிவிடுவார்கள். மேலே உள்ள வரியைப் பார்த்தால், 2 ஓர் அடைப்பிலிருந்து இன்னோர் அடைப்புக்குப் போனதே தவிர, வெளியே நிற்கும் 4 ஐத் தொடவே இல்லை என்பது தெரியும். ஈவைப் பாதியாக்காமலே விடுவது அடுத்த தவறு. இடது பக்கம் 3/2 க்குப் பதிலாக 3 ஐ எழுதி 4, 4, 17, 52 என்று பெறுவது மூன்றாவது. அது உங்கள் 4 ஐப் போலவே, x − 3 என்ற வேறொரு வகுத்திக்கு உரிய சரியான விடை. இந்தக் கணக்கில் ஈவின் கெழுக்கள் முழு எண்களாகவே அமைந்துவிட்டன. எப்போதும் அப்படி அமையாது. வகுத்தியின் முதல் கெழு 1 ஆக இருந்து மற்றவை முழு எண்களாக இருந்தால் ஈவும் மீதியும் முழு எண்களாகவே வரும் என்று உறுதியாகச் சொல்லலாம். முதல் கெழு 2 என்றால் அந்த உறுதி இல்லை. பின்னம் வந்தால் அது முறையின் குறை அல்ல, நீள் வகுத்தலிலும் அதே பின்னம்தான் வரும்.

அப்படியானால் ‘மட்டும்தான்’ என்ற சொல் எவ்வளவு தூரம் சரி? இடது பக்கம் ஓர் எண், நடுவில் ஒரே வரி, பெருக்கற்பலன் அடுத்த நிரலில், கடைசியில் ஓர் எண் மீதி: இந்த வடிவில் அட்டவணை போட வேண்டுமானால் வகுத்தி x − a ஆகத்தான் இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் உங்கள் ஆசிரியர் சொன்னது முழு உண்மை. ஆனால் எழுத்தைக் குறைக்கும் அந்த யோசனைக்கே எல்லை அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டால் அது சரியில்லை. x² − 2x + 3 போன்ற முழு இருபடி வகுத்திக்கும் அட்டவணை போடலாம், நடுவில் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரிகள் வேண்டும். x⁴ − 3x³ + 2x + 5 ஐ அதனால் வகுக்கிறேன். குறியை மாற்றினால் 2 உம் −3 உம் வருகின்றன. ஒவ்வொரு ஈவுக் கெழுவும் 2 ஆல் பெருக்கி அடுத்த நிரலிலும், −3 ஆல் பெருக்கி அதற்கும் அடுத்த நிரலிலும் எழுதப்படுகிறது.

```
 2 |  1   -3    0     2    5
   |       2   -2   -10
-3 |           -3     3   15
   --------------------------
      1   -1   -5    -5   20
```

ஈவு x² − x − 5, மீதி −5x + 20. இங்கே தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். நான்காவது நிரலில் வந்த −5 மீதியைச் சேர்ந்தது. அதை 2 ஆல் பெருக்கி 5 இன் கீழே −10 என்று எழுதிவிடக் கூடாது. பெருக்குவது ஈவின் கெழுக்களை மட்டும்தான். x − a வில் மீதிக்கு ஒரே நிரல், அதுவும் கடைசி நிரல் என்பதால் ‘எங்கே நிறுத்துவது’ என்ற கேள்வியே எழுந்ததில்லை; இங்கே அது எழுகிறது. உண்மையைச் சொன்னால், இரண்டாம் படி வகுத்திகளுக்கு இந்த நீட்டிய அட்டவணையால் பெரிய மிச்சம் இல்லை. எழுதும் இடம் குறைகிறது, கவனம் அதிகம் தேவைப்படுகிறது. எனக்கே அவசரத்தில் நீள் வகுத்தல்தான் கை வருகிறது.

x − a வுக்கு இன்னொரு தனிச்சிறப்பு இருக்கிறது, பள்ளிப் புத்தகங்கள் இந்த முறையை அதற்கு மட்டும் வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு நல்ல காரணம். மீதித் தேற்றத்தின்படி, x − a ஆல் வகுத்து வரும் மீதி, கோவையில் x க்கு a ஐப் பிரதியிட்டால் கிடைக்கும் மதிப்புக்குச் சமம். முதல் கணக்கில் 3 ஐப் பிரதியிட்டுப் பாருங்கள்: 162 − 189 + 12 − 9 = −24. ஆகவே அட்டவணை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது, வகுக்கவும் செய்கிறது, மதிப்பையும் கண்டுபிடிக்கிறது. x² − 4 இல் மீதி ஓர் எண் அல்ல, 3x + 10 என்ற நேர்கோடு. அந்தக் கோடு எதைச் சொல்கிறது? x = 2 என்றால் அதன் மதிப்பு 16; உங்கள் கோவையின் மதிப்பும் 16. x = −2 என்றால் கோட்டின் மதிப்பு 4; கோவையின் மதிப்பும் 4. வகுத்தியைப் பூச்சியமாக்கும் இரண்டு இடங்களிலும் கோவையோடு ஒத்துப்போகும் கோடுதான் மீதி. இரண்டு மதிப்புகளை ஓர் எண்ணுக்குள் அடக்க முடியாது. ஒற்றை எண்ணில் முடியும் அட்டவணை x² − 4 க்குப் போதாது என்பதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் புரிந்துகொள்ளலாம்.

வரலாற்றிலும் இந்த அட்டவணை வகுப்பதற்காக மட்டும் பிறந்ததல்ல. சமன்பாடுகளின் மூலங்களைத் தோராயமாகக் கண்டுபிடிக்கும் வேலையோடு ஒட்டி வளர்ந்தது. இத்தாலியரான பாவோலோ ருஃபினி 1804 இல் வெளியிட்டார். இத்தாலியப் பள்ளிகளில் இன்றும் இதற்கு ருஃபினி விதி என்றுதான் பெயர். இங்கிலாந்தில் வில்லியம் ஜார்ஜ் ஹார்னரின் கட்டுரை 1819 இல் வந்தது, ஆங்கில நூல்களில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. இருவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, 1247 இல், சீனாவின் சின் ஜியுஷாவ் இதே வகைக் கணக்கீட்டைக் கொண்டு உயர்படிச் சமன்பாடுகளைத் தீர்த்திருக்கிறார். மூலத்தைத் தேடுபவருக்கு வேண்டியது ஓர் எண்ணைப் போட்டு மதிப்பைப் பார்ப்பது; அதனால் x − a அவர்களுக்கு இயல்பான வகுத்தியாக அமைந்தது.

தேர்வைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை. வினாவில் ‘தொகுமுறை வகுத்தலைப் பயன்படுத்தி’ என்று இருந்தால் வகுத்தி x − a ஆகவோ, 2x − 3 போன்ற ஒருபடிக் கோவையாகவோதான் இருக்கும். x² − 4 வந்தால் நீள் வகுத்தலையே எழுதுங்கள். நிரல் தாண்டும் அட்டவணை கணிதப்படி சரியாக இருந்தாலும், திருத்துபவர் அதைப் பார்த்துப் பழகியிருப்பார் என்று நம்பி மதிப்பெண்ணைப் பணயம் வைக்க வேண்டாம். விடையைச் சரிபார்க்க ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

புரிந்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு கணக்கு: x⁴ + x³ − 5x + 6 ஐ x³ − 8 ஆல் வகுங்கள். 8 எத்தனை நிரல் தாண்டி விழ வேண்டும், மீதிக்கு எத்தனை நிரல்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத் தொடங்குங்கள். x² இன் இடத்தில் 0 எழுத மறக்க வேண்டாம். ஈவு x + 1, மீதி 3x + 14 என்று வர வேண்டும்.